ஆச்சிக்கு உண்மையிலேயே தலை சுற்றுமா?

நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊர் நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக மாதம் ஒரு சனிக்கிழமை வாசிப்புக் கூட்டம் நடத்தி வருகிறோம். ஒரு கூட்டத்துக்கென்று நாங்களே ஒரு சிறு பத்தி எழுதி, கீழே சில வினாக்கள் வைத்து, விடைக்குறிப்பும் தயாரித்துக்கொண்டு போனோம். அன்று ஒரு சிறுமியின் விடைக்கு நாங்கள் போட்ட பூஜ்யம் இன்றுவரை எங்களை விட்டபாடில்லை. தவறு அவளுடையது அன்று. விடைக்குறிப்பு எழுதிய எங்களுடையது. அந்தத் தவறு எங்கே நிகழ்ந்தது என்று தேடிக்கொண்டு போனதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் பத்தி. நெல்லைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கொடைவிழாவை மனத்தில் வைத்து எழுதியது.

"அம்மன் கொடையின் கடைசி நாள். காலையில் மினி பஸ்ஸில் வந்து இறங்கிய ஆச்சியும் பேரன் முத்துவும் கோயில் திடலைச் சுற்றி வந்தார்கள். மழை பெய்து அப்போதுதான் ஓய்ந்திருந்ததால் பாதிக் கடைகளில் தார்ப்பாயை இன்னும் விலக்கவில்லை. வளையல் கடை, மிட்டாய்க் கடை, பலூன்காரர் எல்லாவற்றையும் தாண்டி ராட்டினத்தின் முன் நின்றார்கள். ஆளுக்கு 20 ரூபாய் என்று அட்டையில் எழுதியிருந்தது. ஆச்சி முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். 'எனக்குத் தலை சுத்தும் ஐயா, நீ மட்டும் ஏறிக்கோ' என்றாள். ராட்டினம் மேலே போன ஒவ்வொரு முறையும் முத்து கையை ஆட்டினான். இறங்கியதும் ராட்டினக்காரர், 'இன்னொரு சுத்து போறியா?' என்று கேட்டார். முத்து ஆச்சியின் முந்தானையைப் பார்த்தான். 'எனக்கும் தலை சுத்திட்டு' என்றான். மாலையில் பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி இருவரும் நடந்தே ஊருக்குப் போனார்கள். ராட்டினத்தின் உச்சியிலிருந்து தெரிந்த குளத்தைப் பற்றியே முத்து வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தான்."

எங்கள் நான்காவது வினா: "ஆச்சி ஏன் ராட்டினத்தில் ஏறவில்லை?" விடைக்குறிப்பில் இருந்தது: "அவளுக்குத் தலை சுற்றும் என்பதால்." பெரும்பாலான பிள்ளைகள் அப்படியே எழுதியிருந்தார்கள். அச்சிறுமி மட்டும், "ரெண்டு பேருக்குக் காசு இல்லை, அதனால்" என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்போடு ஒத்துவரவில்லை என்று அடித்துவிட்டோம். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் சண்டை போடவில்லை. "அப்ப ஆச்சிக்கு நெஜமாவே தலை சுத்துமா சார்?" என்று மட்டும் கேட்டாள். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

வாசிப்பு வினாக்களை மூன்றாகப் பிரிப்பது ஆசிரியப் பயிற்சியில் வழக்கம். நேரடி வினா, உய்த்துணர் வினா, மதிப்பீட்டு வினா. இப்பகுப்பு அங்கே பரவியதில் 1968-இல் தாமஸ் பாரெட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் முன்வைத்த வரிசைக்குப் பெரும் பங்குண்டு. அவர் உண்மையில் ஐந்து படிகள் சொன்னார். செய்திகளைத் திரட்டி அடுக்குவதும் இலக்கிய நயம் துய்ப்பதும் அவற்றில் உண்டு. புழக்கத்தில் பலரிடம் தங்கியது மூன்றுதான். பீசா என்று சுருக்கமாக அறியப்படும் பன்னாட்டு மாணவர் மதிப்பீட்டிலும் 2009-ஆம் ஆண்டின் வாசிப்புத் தேர்வு ஏறக்குறைய இதே மூன்றைத்தான் அளந்தது: தகவலைக் கண்டெடுத்தல், இணைத்துப் பொருள் கொள்ளல், சிந்தித்து மதிப்பிடல். அச்சுற்றின் நீட்சியாக இந்தியாவிலிருந்து பங்கேற்ற இரு மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. மற்றது இமாச்சலப் பிரதேசம். முடிவுகள் இரண்டுக்கும் பெருமை சேர்க்கவில்லை.

பகுப்பைச் சொல்லிவிடுவது எளிது. ஒரு வினாவை எடுத்து அது எவ்வகை என்று கேட்டால்தான் தடுமாற்றம் தெரியும். "யார், எங்கே, எப்போது, எத்தனை" எனத் தொடங்கினால் நேரடி, "ஏன், எப்படி" என்றால் உய்த்துணர்வு, "உன் கருத்து என்ன" என்றால் மதிப்பீடு என்று வினாச்சொல்லைக் கொண்டே வகை பிரிக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் பிரித்தோம். அங்கேதான் சறுக்கினோம்.

"கடைக்காரர்கள் ஏன் தார்ப்பாயை விலக்கவில்லை?" என்பதும் ஏன்-வினாதான். ஆனால் விடை, 'ஓய்ந்திருந்ததால்' என்ற சொல்லிலேயே கிடக்கிறது. விரலை வைத்துக் காட்டிவிடலாம். ஆகவே அது நேரடி வினா. "ஆச்சியிடம் எத்தனை ரூபாய் இருந்திருக்கக்கூடும்?" என்பது எத்தனை-வினா. ஆனால் அதற்குப் பத்தியில் எந்த ஓரிடத்திலும் விரல் வைக்க முடியாது. 20-க்குக் குறையாது, ஏனெனில் முத்து ஏறினான். அநேகமாக 40-ஐ எட்டாது. ஏனெனில் எண்ணிப் பார்த்த பிறகே அவள் தலைசுற்றலைச் சொல்கிறாள். ஒருவேளை 40 இருந்து, அதில் ஒரு பகுதியை வேறு எதற்கோ ஒதுக்கியிருக்கலாமே என்று கேட்டால், அதையும் மறுத்துவிட முடியாது. ஆனால் மாலையில் பஸ்ஸுக்கும் காசில்லாமல் நடந்தார்கள் என்பது முதல் ஊகத்துக்கே வலுச் சேர்க்கிறது. இங்கே வாசகர் மூன்று இடங்களில் விரல் வைத்து, அவற்றுக்கு நடுவே தாமாக ஒரு பாலம் கட்ட வேண்டியிருக்கிறது.

வேறுபாடு வினாச்சொல்லில் இல்லை, விடை எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது என்பதே எங்கள் கட்சி. நேரடி வினாவின் விடை பத்தியில் எழுதப்பட்டிருக்கும். உய்த்துணர் வினாவின் விடை எழுதப்பட்டிருக்காது. ஆனால் எழுதப்பட்டவை அதை நோக்கி நம்மைத் தள்ளும். மதிப்பீட்டு வினாவுக்கோ பத்தி மட்டும் போதாது; பத்திக்கு வெளியிலிருந்து ஓர் அளவுகோலை வாசகர் கொண்டுவர வேண்டும்.

இப்போது அந்த நான்காம் வினாவுக்குத் திரும்புவோம். "ஏறாததற்கு ஆச்சி என்ன காரணம் சொன்னாள்?" என்று நாங்கள் கேட்டிருந்தால் அது நேரடி வினா, தலைசுற்றல் என்பதே சரியான விடை. "ஆச்சி ஏன் ஏறவில்லை?" என்று கேட்டதால் அது உய்த்துணர் வினாவாகிவிட்டது, விடைக்குறிப்போ முந்தைய வினாவுக்கு உரியதாக நின்றுவிட்டது. ஒரு பாத்திரம் சொல்லும் காரணமும் அப்பாத்திரத்தின் காரணமும் ஒன்றல்ல என்பது கதை வாசிக்கும் எவருக்கும் தெரிந்த சங்கதி. அப்படி ஒன்றாகவே இருந்துவிட்டால் உலகத்தில் பாதிச் சிறுகதைகளை எழுதியிருக்கவே வேண்டியதில்லை. வினாத்தாளை எழுத உட்கார்ந்ததும் நாங்கள் அதை மறந்துபோனோம்.

சிறுமியின் விடை சரிதான் என்று எப்படி நிறுவுவது? 'எனக்கு அப்படித் தோன்றியது' என்பது உய்த்துணர்வாகாது. நாங்கள் பின்னர் கைக்கொண்ட சோதனை எளிமையானது: சான்றாகக் கருதும் வரியை அழித்துவிட்டு மீண்டும் படித்துப் பார்ப்பது. முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிய வாக்கியத்தை அழித்துவிடுங்கள். உடனே ஆச்சியின் தலைசுற்றல் மெய்யான தலைசுற்றல் ஆகிவிடுகிறது. முத்து அவள் முந்தானையைப் பார்ப்பது ஒரு பிள்ளையின் வெறும் பார்வையாகிவிடுகிறது. மாலை நடை, மழைக்குப் பிந்திய குளிர்ச்சியில் நடந்த இன்ப நடையாகக்கூட மாறிவிடும். ஒரே வாக்கியம் மற்ற மூன்றையும் தாங்கி நிற்கிறது. ஊகம் பத்தியில் வேர்கொண்டது என்பதற்கு இதுவே அடையாளம்.

இன்னொரு பையன், "முத்துவுக்கு அப்பா அம்மா இல்லை, அதனால்தான் ஆச்சியோடு வந்தான்" என்று எழுதியிருந்தான். மனத்தைத் தொடும் விடைதான். ஆனால் பத்தியில் எந்த வரியை அழித்தாலும் இவ்வூகம் கொஞ்சமும் அசையாது. ஏனென்றால் அது எந்த வரியின் மீதும் நிற்கவில்லை. அவன் வேறெங்கோ படித்த, பார்த்த கதைகளின் மீது நிற்கிறது. பத்தி அதை மறுக்கவில்லை என்பது உண்மையே. மறுக்காமல் இருப்பது ஆதரிப்பதாகாது.

உய்த்துணர்வுக்கு வேறொரு எல்லையும் உண்டு. பாலம் கட்டும் சரக்கு பத்தியில் இல்லை. அது வாசகர் கையில் இருக்க வேண்டும். அவள் எண்ணியது எதை என்று பத்தி சொல்லவே இல்லை. 'எண்ணிப் பார்த்தாள்' என்ற வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை. தமிழ் வாக்கியத்துக்கு அப்படி விட்டுவிடும் வசதி உண்டு. முந்தானை முடிச்சில் காசு இருக்கும் என்று அறிந்தவர்க்கு அந்த இடைவெளி கண்ணிலேயே படாது. நகரத்தில் வளர்ந்த ஒரு சிறுவன் எங்களிடம், "முடிச்சை எதுக்கு சார் எண்ணணும்?" என்று கேட்டான். அவனுக்கு உய்த்துணரும் ஆற்றல் இல்லை என்று முடிவு கட்டியிருந்தால் அது இன்னொரு அநியாயமாக ஆகியிருக்கும். முடிச்சில் பாட்டிமார் காசு வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னதும் மீதியை அவனே கடகடவென்று சொல்லிவிட்டான். அறியாமை வேறு, ஆற்றாமை வேறு. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் பின்னணியைச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இதே விஷயத்தில் நாங்களே பிடிபட்ட கதையும் உண்டு. முதல் வரைவில் மினி பஸ் என்றில்லாமல் அரசு டவுன் பஸ் என்றுதான் எழுதியிருந்தோம். பரிசோதனைக்காக வீட்டில் படித்துக் காட்டியபோது நண்பரின் மகள் சட்டென்று, "ஆச்சிக்குத்தான் பஸ்ஸில் டிக்கெட்டே வேண்டாமே" என்றாள். தமிழ்நாட்டில் 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காசில்லாததால் நடந்தார்கள் என்ற எங்கள் ஊகப்பாலத்தின் ஒரு கால் அங்கே முறிந்துவிட்டது. பேரனுக்கான அரை டிக்கெட் ஒன்றுதான் மிச்சம். கட்டணம் வாங்கும் தனியார் மினி பஸ்ஸாக மாற்றிய பிறகே பாலம் நின்றது. பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு கதையின் சான்று, வாசகரின் உலகம் மாறியதாலேயே சான்றாக இல்லாமல் போய்விடக்கூடும் என்று நாங்கள் அதற்கு முன் யோசித்ததில்லை.

மூன்றாவது வகைக்கு வருவோம். "இப்பத்தி உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்பதை மதிப்பீட்டு வினா என்று நாங்களும் வைத்திருந்தோம். பிடிக்கும், பிடிக்காது என்று முடிந்துவிடும் அவ்விடையைச் சரிபார்க்க வழியே இல்லை. "இதிலிருந்து நீ அறியும் நீதி யாது?" என்பதோ வேடமிட்ட நேரடி வினா, ஆசிரியர் மனத்தில் எழுதி வைத்திருக்கும் வரியைப் பிள்ளை கண்டுபிடித்தாக வேண்டும். இவ்விரண்டையும் விலக்கிவிட்டு, "ஆச்சி பேரனிடம் பொய் சொன்னது சரியா?" என்று மாற்றினோம்.

வந்த விடைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒருவன் சரி என்றான். கொடைக்கு வந்த பிள்ளையின் மகிழ்ச்சியை வறுமை தின்றுவிடக் கூடாது என்பது அவன் கொண்ட அளவுகோல். முத்து ஒவ்வொரு முறையும் கையை ஆட்டியதும் வழியெல்லாம் குளத்தைப் பற்றிப் பேசியதும் அவன் காட்டிய சான்று. மற்றவள் சரியில்லை என்றாள். பொய் ஒருவரோடு நிற்பதில்லை என்பது அவள் அளவுகோல். அவள் காட்டிய சான்று எங்களைத் திகைக்க வைத்தது: 'எனக்கும்' என்ற சொல்லின் 'உம்'. ஆச்சி சொன்ன சாக்கைத் தழுவிக்கொண்டு பேரன் அதே பொய்யை அவளுக்கே திருப்பிச் சொல்கிறான். இலக்கணத்தில் எச்ச உம்மை என்று படித்துவிட்டு மறந்துபோன ஒன்று இங்கே ஒரு குழந்தை கற்றுக்கொண்ட பாடத்தின் தடயமாக நிற்கிறது. எழுதிய நாங்களே அதை அவ்வளவு கவனித்து எழுதவில்லை.

இருவருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தோம். நேர் எதிரான இரு விடைகள் ஒருசேர முழு மதிப்பெண் பெறக்கூடிய இடம் மதிப்பீட்டு வினா. அப்படியானால் எல்லா விடைக்கும் மதிப்பெண் தானா என்றால், இல்லை. "பாட்டி பாசமானவர், அதனால் சரி" என்ற விடைக்குப் பாதிதான் தர முடிந்தது. அளவுகோல் மங்கலாக இருக்கிறது, சான்று இல்லவே இல்லை. "ஆச்சிக்குத் தலை சுற்றும், அதனால் அவர் சொன்னது பொய்யே இல்லை" என்று எழுதியவனின் சிக்கல் வேறு. அவன் மதிப்பீட்டில் தவறவில்லை. அதற்கு முந்தைய படியில், ஊகத்தில் தவறினான். அவனோடு பொய்யின் அறத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதிட்டாலும் பயனில்லை. முந்தானை முடிச்சுக்குத் திரும்ப வேண்டும்.

இலக்கியப் பத்திரிகை வாசகர்களுக்கு இதையெல்லாம் எதற்குச் சொல்கிறோம் என்ற கேள்வி எழலாம். நம் சூழலில் நடக்கும் விமர்சனச் சண்டைகளில் பலவும் இப்படிப் படிமாறி நடப்பவை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஒருவர் ஒரு கதையை 'ஒன்றுமே நிகழாத கதை' என்கிறார். மற்றவர் 'அற்புதம்' என்கிறார். ரசனை வேறுபாடு, அழகியல் கோட்பாடு, அரசியல் என்று வாதம் மாதக்கணக்கில் நீளும். கடைசியில் பார்த்தால் முதலாமவர் முடிச்சை அவிழ்த்த வாக்கியத்தைக் கண்ணால் தாண்டியிருப்பார். அவருக்கு அக்கதை, தலைசுற்றலுள்ள ஒரு கிழவி ராட்டினத்தில் ஏறாத கதை. அதில் உண்மையிலேயே ஒன்றும் நிகழவில்லைதான். அது அளவுகோல்களின் சண்டை அன்று. ஒரு வாக்கியத்தைப் பற்றிய சண்டை. பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் தீர்த்திருக்கலாம்.

இதன் மறுபுறமும் உண்டு. 'இக்கதை பொய்யை மேன்மைப்படுத்துகிறது' என்று ஒருவர் எழுதினால், அவர் ஆச்சியை மதிப்பிடுகிறாரா, கதையை மதிப்பிடுகிறாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆச்சி பொய் சொல்வது பத்தியில் உண்டு. பத்தி அதைப் புகழ்கிறது என்பதற்கு விரல் வைக்க ஓர் இடம் வேண்டும். 'எனக்கும்' என்ற சொல் அதற்கு எதிர்ச்சான்றாகக்கூட இருக்கலாம். பாத்திரத்தின் செயலை மதிப்பிடுவதற்கு அறத்தின் அளவுகோல் போதும். பிரதியை மதிப்பிட, பிரதி அச்செயலை எவ்வாறு வைத்துக் காட்டுகிறது என்ற ஊகம் முன்னதாக வேண்டும். அந்த ஊகத்தைத் தாண்டிக் குதித்து எழுதப்பட்ட மதிப்புரைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். நாங்கள் எழுதியவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

மூன்றையும் ஏணிப்படிகள் போல எண்ணி, நேரடி வினாவைத் தாழ்ந்ததாகக் கருதும் போக்கும் நம்மிடையே உண்டு. எங்கள் அனுபவம் அதை ஒப்பவில்லை. "ராட்டினத்துக்கு முன் அவர்கள் எவற்றையெல்லாம் தாண்டினார்கள்?" என்ற நேரடி வினாவுக்கு, பலூன்காரரை விட்டுவிட்டவர்கள் பலர். அதே பிள்ளைகள் ஆச்சியின் மனநிலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார்கள். எழுதியது என்ன என்று பார்க்காமல் எழுதாதது என்ன என்று சொல்லத் துணிவது அவர்களிடம் மட்டும் உள்ள குறையல்ல.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தச் சிறுமியின் தாளை வாங்கி, பூஜ்யத்தை அடித்துத் திருத்தினோம். விடைக்குறிப்பையும் மாற்றினோம்: "ஆச்சி சொன்ன காரணம் தலைசுற்றல், அவள் ஏறாததற்குக் காரணம் இருவருக்கும் காசு போதாமை." அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "முத்துவுக்குத் தெரிஞ்சிருச்சுன்னு ஆச்சிக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள். பத்தியை எடுத்து ஆளாளுக்கு மறுபடி படித்தோம். விரல் வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை.